36 ஸ்லைடுகள், ஒரு மணி நேரம்: திருப்புதல் பாடத்தை வினாடி வினா ஸ்கிரிப்டாக மாற்றுவது எப்படி

அறிவியல் மன்றத்தில் வினாடி வினா நடத்தும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. கையில் இருப்பது ஆசிரியர் கொடுத்த திருப்புதல் ஸ்லைடுகள் மட்டும். பலரும் முதலில் செய்வது ஒன்றுதான்: ஸ்லைடைத் திறந்து, ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு கேள்விக்குறி போடுவது. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். அன்றைக்கு நடந்தது வினாடி வினா இல்லை, வாய்மொழித் தேர்வு. அதிலும் பாதி நேரம் “இதுவும் சரிதானே?” என்ற வாக்குவாதத்திலேயே போனது.

ஸ்லைடு கண்ணால் படிக்க எழுதப்பட்டது. வினாடி வினாக் கேள்வி காதால் கேட்க எழுதப்படுவது. ஸ்லைடில் ஒரு வரி புரியாவிட்டால் மேலே இருக்கும் தலைப்பைப் பார்த்துக்கொள்ளலாம். கேட்பவருக்குத் தலைப்பு கிடையாது. அதனால் வரியைப் பிரித்து எடுத்து, புதிதாக எழுதி, எந்தச் சுற்றுக்குப் பொருந்தும் என்று பார்த்துத்தான் ஸ்கிரிப்டில் வைக்க வேண்டும். ‘செல்’ பாடத்துக்கான 36 ஸ்லைடுகள், நான்கு அணிகள், ஒரு மணி நேரக் கூட்டம் என்று வைத்துக்கொண்டு செய்து பார்ப்போம்.

முதலில் அட்டவணை

ஒரு விரிதாளைத் திறந்து ஐந்து நிரல்கள் போடுங்கள்: ஸ்லைடு எண், கேள்வி, விடை, ‘இதையும் ஏற்கலாம்’, சுற்று. கடைசி இரண்டையும் இப்போதைக்குக் காலியாக விட்டுவிடலாம்.

ஸ்லைடுகளில் இருக்கும் ஒவ்வொரு தகவலையும் தனி வரியாக இறக்குங்கள். 36 ஸ்லைடுகளிலிருந்து தொண்ணூறு வரி வந்தால், அறுபதுதான் தேறும். ‘பசுங்கணிகத்தின் பணிகள் ஐந்து’ மாதிரியான பட்டியல்களை யோசிக்காமல் தூக்கிவிடுங்கள். ஐந்தில் நான்கைச் சொன்ன அணிக்கு எத்தனை மதிப்பெண் என்று மேடையில் நின்று கணக்குப் போட முடியாது. ‘வரையறு’, ‘விளக்கு’ வகையும் அப்படியே. விடை ஒன்று முதல் மூன்று சொற்களுக்குள் அடங்க வேண்டும், சரியா தவறா என்று கேட்டவுடன் தெரிய வேண்டும்.

ஆனால் வரையறைகளை முழுதாக எறிந்துவிட வேண்டாம், திருப்பிப் போடலாம். ஸ்லைடில் ‘சவ்வூடு பரவல் என்றால் என்ன’ என்று இருக்கிறது. வரையறையைப் படித்துவிட்டுப் பெயரைக் கேட்பது ஒரு வழி. ஆனால் எல்லா அணிகளும் அதே ஸ்லைடைப் படித்துவிட்டுத்தான் வந்திருப்பார்கள். முதல் நான்கு சொல்லைக் கேட்டதுமே மனப்பாடம் செய்தவர் விடையைச் சொல்லிவிடுவார். “தண்ணீரில் ஊறப்போட்ட உலர்திராட்சை உப்புகிறது. அங்கே நடக்கும் நிகழ்வின் பெயர் என்ன?” என்று கேட்டால், புரிந்து படித்தவரும் மனப்பாடம் செய்தவரும் ஒரே கோட்டில் நிற்பார்கள்.

‘இதையும் ஏற்கலாம்’ நிரலை இப்போது நிரப்புங்கள். தமிழில் நடத்தும் வினாடி வினாவில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. ஒருவர் பசுங்கணிகம் என்பார், இன்னொருவர் குளோரோபிளாஸ்ட் என்பார். உட்கரு, நியூக்ளியஸ் இரண்டும் வரும். எதை ஏற்பது என்பதை முன்பே எழுதி வைக்காவிட்டால் அன்றைக்கு உங்கள் முகத்தைப் பார்த்து நான்கு அணிகளும் நான்கு நியாயம் பேசும்.

ஒரே ஒரு விடைதானா?

ஒவ்வொரு கேள்வியையும் எதிரணி வக்கீல் மாதிரிப் படித்துப் பாருங்கள். ஸ்லைடில் ‘உட்கரு இல்லாதது: இரத்த சிவப்பணு’ என்று இருந்தது. அதை நான் “உட்கரு இல்லாத செல் எது?” என்று கேட்டேன். ஒரு மாணவி “பாக்டீரியா” என்றாள். சரிதானே! பாக்டீரியா செல்லில் சவ்வு சூழ்ந்த உட்கரு கிடையாது. போதாக்குறைக்கு, பறவைகளின் சிவப்பணுவில் உட்கரு உண்டு. ஆக, ஸ்லைடின் வரியே பாலூட்டிகளுக்குத்தான் பொருந்தும். திருத்திய கேள்வி இது: “மனித உடலில் ஹீமோகுளோபின் நிறைந்திருக்கும் செல், முதிர்ந்தபின் இதில் உட்கரு இருக்காது. எது?” நீளம் கூடிவிட்டது. ஆனால் வேறு விடைக்கு இடமில்லை.

ஸ்லைடைத் தயாரித்தவர் மேல் தப்புச் சொல்ல முடியாது. ‘மனித இரத்தம்’ என்ற தலைப்புக்குக் கீழே அந்த வரி சரியாகத்தான் இருந்தது. தலைப்பை விட்டுவிட்டு வரியை மட்டும் எடுத்தது நான்.

சுற்று 1: நேரடிக் கேள்வி, பாஸ்

அணிகளை வரிசையாக உட்கார வையுங்கள்: சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள். 16 கேள்விகள், அணிக்கு நான்கு. தன் கேள்விக்குச் சரியாகச் சொன்னால் 10. தெரியாவிட்டால் அடுத்த அணிக்குப் பாஸ். பாஸில் சொன்னால் 5. தவறுக்குக் கழிவு இல்லை. கேள்விக்கு ஒரு நிமிடம் என்று வைத்தால் 16 நிமிடம்.

இந்தச் சுற்றில் பார்த்தால் தெரியாத ஓர் ஓட்டை இருக்கிறது. பச்சை அணி பலவீனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் விடும் கேள்விகள் எல்லாம் முதலில் மஞ்சளுக்குத்தான் போகும். மஞ்சள் எதையும் கூடுதலாகப் படிக்காமலே, உட்கார்ந்த இடத்தின் புண்ணியத்தில் மதிப்பெண் அள்ளும். இதற்கு எளிய மருந்து, பாதியில் திசையை மாற்றுவது. முதல் எட்டுக் கேள்விகள் இடமிருந்து வலம், அடுத்த எட்டு வலமிருந்து இடம். இப்போது பச்சை விட்டவை நீலத்துக்கும் போகும். திசை மாறும் இடத்தை ஸ்கிரிப்டில் கொட்டை எழுத்தில் போடுங்கள். நடத்துகிற வேகத்தில் கட்டாயம் மறந்துபோகும்.

இன்னொன்று: பாஸ் சுற்றில் விருப்பத் தெரிவுகள் கொடுக்கவே கூடாது. நான்கு தெரிவு கொடுத்தால், முதல் இரண்டு அணிகள் தவறாகச் சொன்னபின் மூன்றாவது அணிக்கு மிச்சம் இரண்டுதான். நாணயம் சுண்டினால் போதும். சரியா தவறா வகை இன்னும் மோசம். முதல் அணி தவறவிட்டால் அடுத்த அணிக்கு விடை தட்டில் வைத்து வருகிறது. அப்படிப்பட்ட கேள்விகள் அட்டவணையில் இருந்தால் கடைசிச் சுற்றுக்கு ஒதுக்கிவிடுங்கள்.

சுற்று 2: துப்புச் சுற்று

எனக்குப் பிடித்த சுற்று இதுதான். எழுத அதிக நேரம் எடுப்பதும் இதுவே. ஐந்து கேள்விகள் போதும். ஒவ்வொன்றுக்கும் மூன்று துப்பு, கடினத்திலிருந்து எளிமைக்கு. ஸ்லைடில் எல்லாரும் முதலில் படிக்கும் வரி எதுவோ அது மூன்றாவது துப்பாகப் போக வேண்டும்.

பஸ்ஸர் இல்லாத மன்றங்களில் ‘யார் முதலில் கை தூக்கியது’ என்பதே பெரிய சண்டையாகிவிடும். அதனால் நான் துண்டுச் சீட்டு முறைக்கு மாறிவிட்டேன். ஒரு கேள்விக்கு ஓர் அணிக்கு ஒரே சீட்டு. எந்தத் துப்புக்குப் பிறகு வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்கலாம். கொடுத்தபின் மாற்ற முடியாது. மதிப்பெண் போடுபவர் சீட்டு வந்தவுடன் அதன் மூலையில் துப்பு எண்ணைக் குறித்துக்கொள்வார். விடையை மூன்று துப்பும் முடிந்தபின்தான் அறிவிக்க வேண்டும்.

முதல் துப்புக்குப் பிறகு சரியாகச் சொன்னால் 20, தவறென்றால் 10 கழியும். இரண்டாவது துப்புக்குப் பிறகு 10, தவறுக்கு 5 கழிவு. மூன்றாவதுக்குப் பிறகு 5, கழிவு இல்லை. இந்த எண்களுக்குக் காரணம் உண்டு. கழிவு பரிசில் பாதியாக இருந்தால், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நம்பிக்கை இருக்கும்போதுதான் சீட்டைக் கொடுப்பது லாபம். மூன்று முறை ஊகித்து ஒருமுறை சரியானால் +20, இருமுறை தவறினால் −20. கணக்கு சுழியத்தில் நிற்கும். ஒரு தடவை நான் முதல் துப்புக்கு 20 கொடுத்துவிட்டுக் கழிவை 5 மட்டும் வைத்தேன். ஐந்தில் ஒரு வாய்ப்பு இருந்தாலே லாபம் என்பதை அணிகள் இரண்டாவது கேள்விக்குள் கண்டுபிடித்துவிட்டன. அதற்கப்புறம் எல்லாக் கேள்விக்கும் முதல் துப்பிலேயே நான்கு சீட்டும் வந்துவிடும். மிச்ச இரண்டு துப்பையும் நான் காற்றுக்குப் படித்துக்கொண்டிருந்தேன்.

சரி, ஒரு துப்புக் கேள்வியை எழுதிப் பார்ப்போம். விடை மைட்டோகாண்ட்ரியா. என் முதல் வரைவு:

துப்பு 1: எனக்கு இரட்டைச் சவ்வு உண்டு. சொந்தமாக டி.என்.ஏ.வும் உண்டு.
துப்பு 2: என் உட்சவ்வு மடிப்பு மடிப்பாக உள்நோக்கி நீண்டிருக்கும்.
துப்பு 3: என்னைச் செல்லின் ஆற்றல் மையம் என்பார்கள்.

பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் துப்பைக் கேட்டு ஓர் அணி ‘பசுங்கணிகம்’ என்று எழுதிக் கொடுத்தால்? பசுங்கணிகத்துக்கும் இரட்டைச் சவ்வு உண்டு, சொந்த டி.என்.ஏ.வும் உண்டு. நன்றாகப் படித்த அணியிடம் 10 மதிப்பெண்ணைக் கழித்துக்கொண்டு நிற்போம். துப்புக் கேள்வியின் சட்டம் கடுமையானது: மூன்று துப்பும் சேர்ந்து விடையைக் காட்டினால் போதாது, முதல் துப்பு மட்டுமே நின்றாலும் அதற்குப் பொருந்தும் விடை ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். கண்டுபிடிப்பது கடினமாக இருக்கலாம், இரண்டு விடை இருக்கக்கூடாது.

திருத்தியது: “மனித செல்லில் உட்கருவுக்கு வெளியே டி.என்.ஏ. இருப்பது என்னிடம் மட்டும்தான்.” ‘மனித’ என்ற ஒரு சொல் பசுங்கணிகத்தை வெளியேற்றிவிட்டது. துப்பு எளிதாகவும் ஆகவில்லை. ஒரு துப்புக் கேள்விக்கு இந்த மாதிரித் திருத்தம் இரண்டு மூன்றாவது தேவைப்படும். ஐந்து கேள்விக்கு ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள்.

சுற்று 3: அதிவேகச் சுற்று

அணிக்கு 60 நொடி, எட்டுக் கேள்விகள், சரியானதற்கு 5. கழிவும் பாஸும் இல்லை. நான்கு தனித்தனிக் கேள்விக்கட்டு வேண்டும்; எந்த அணிக்கு எது என்பது சீட்டுக் குலுக்கலில். 60 நொடிக்குள் எட்டும் முடிய வேண்டுமானால் ஒரு கேள்வியைப் படிக்க நான்கு நொடிதான். ஏழெட்டுச் சொல்லுக்கு மேல் போகக்கூடாது. ஒரு கட்டில் மட்டும் கேள்விகள் நீளமாக இருந்தால், அது கிடைத்த அணி ஆறோடு நின்றுவிடும், தெரியாததால் அல்ல, நீங்கள் படித்து முடிக்காததால். நான்கு கட்டையும் வாய்விட்டுப் படித்து நேரம் பாருங்கள்.

கட்டுகளைச் சமமாக்க, கேள்விகளை நான்கு நான்காக ஒரே வகையில் எழுதி, ஒவ்வொரு கட்டுக்கும் ஒன்று கொடுங்கள். ‘பெயர்கள்’ வகையில்: செல் என்ற பெயரைச் சூட்டியவர் (ராபர்ட் ஹூக்), உட்கருவுக்குப் பெயரிட்டவர் (ராபர்ட் பிரவுன்), தாவரங்கள் செல்களால் ஆனவை என்றவர் (ஷ்லீடன்), விலங்குகளுக்கும் அதையே சொன்னவர் (ஷ்வான்). ஒரே வகைதான், ஆனாலும் சமமில்லை. ஹூக் யாருக்கும் தெரியும். ஷ்லீடனையும் ஷ்வானையும் மாற்றிச் சொல்லாத வகுப்பை நான் பார்த்ததில்லை. ஹூக் கிடைத்த கட்டுக்கு அடுத்த வகையில் கடினமான கேள்வியைப் போட்டு ஈடுகட்டுங்கள்.

அப்போதைய மதிப்பெண்ணில் கடைசியில் இருக்கும் அணி முதலில் ஆடட்டும், முன்னணியில் இருப்பவர் கடைசியில். முடிவு கடைசி நிமிடம் வரை தெரியாது.

கணக்கு சரிவருமா?

கூட்டத்துக்கு முன்பே ஒரு கற்பனை ஆட்டத்தைக் காகிதத்தில் ஓட்டிப் பாருங்கள். முதல் சுற்றில் சிவப்பு நேரடியில் மூன்று, பாஸில் ஒன்று: 35. நீலம் இரண்டு, பாஸில் இரண்டு: 30. பச்சை ஒன்றே ஒன்று: 10. மஞ்சள் இரண்டு, பாஸில் மூன்று: 35. துப்புச் சுற்றில் சிவப்புக்கு 20, நீலத்துக்கு 45, பச்சைக்கு 45, மஞ்சளுக்கு 15 என்று வைத்தால், நிலவரம் முறையே 55, 75, 55, 50.

இங்கே நிறுத்திப் பார்க்க வேண்டியது ஒன்றே. முதலிடத்துக்கும் கடைசிக்கும் இடைவெளி 25. அதிவேகச் சுற்றில் ஓர் அணி அதிகபட்சம் எடுக்கக்கூடியது 40. ஆக, கடைசி அணிக்கும் வாய்ப்பு இருக்கிறது. அதே சுற்றுக்குக் கேள்விக்கு 2 மதிப்பெண் வைத்திருந்தால் அதிகபட்சம் 16. மஞ்சள் சும்மா வந்து உட்கார்ந்திருக்கும். மறுபக்கம், கேள்விக்கு 20 வைத்தால் அதிகபட்சம் 160. முதல் இரண்டு சுற்றும் நடந்ததற்கே அர்த்தமில்லை. கடைசிச் சுற்றின் அதிகபட்சம், வழக்கமாக விழும் இடைவெளியைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் போதும்.

தொடர்வோம். அதிவேகத்தில் சிவப்பு ஐந்து, நீலம் நான்கு, பச்சை ஏழு, மஞ்சள் ஆறு. முடிவு: சிவப்பு 80, நீலம் 95, பச்சை 90, மஞ்சள் 80. முதல் சுற்றில் 10 எடுத்த பச்சை இரண்டாம் இடம். மூன்றாம் இடத்துக்குச் சமநிலை. அதற்கு ஓர் எண் கேள்வி வைத்திருங்கள்: “கார்க் சீவலில் கண்ட செல்களைப் பற்றி ஹூக் நூலில் வெளியிட்ட ஆண்டு எது?” விடை 1665. இரு அணியும் எழுதிக் காட்ட, நெருங்கி வந்தவருக்கு இடம். இரண்டு பேரும் சரியாக எழுதிவிட்டால் இன்னொரு எண் கேள்வி கையிருப்பில் வேண்டும்.

மதிப்பெண் தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரிசை, அணிக்கு ஒரு நிரல். கழிவை −5, −10 என்றே போட்டுவிட்டு, கீழே சிவப்பின் மொத்தத்துக்கு இந்தச் சூத்திரம் போதும்:

```
=SUM(B2:B30)
```

மொத்தத்தை மட்டும் அழித்து எழுதிக்கொண்டே போனால், பிறகு ஒரு முறையீடு வரும்போது எந்தக் கேள்வியில் பிசகியது என்று தேடவே முடியாது.

சொல்வதை எழுதி வையுங்கள்

கேள்விகள் தயாரானதும் பலர் இதோடு முடிந்தது என்று நினைப்பார்கள். நடத்துபவர் பேசும் வரிகளையும் எழுத வேண்டும். காரணம் இருக்கிறது. ஓர் அணி தவறான விடை சொன்னதும் “ஐயோ, கிட்ட வந்துட்டீங்க!” என்று வாய் தானாகச் சொல்லும். அது அடுத்த அணிக்குத் துப்பு. ஸ்கிரிப்டில் அந்த இடம் இப்படி இருக்கட்டும்:

நடத்துபவர்: கேள்வி 6, நீல அணிக்கு. தண்ணீரில் ஊறப்போட்ட உலர்திராட்சை உப்புகிறது. அங்கே நடக்கும் நிகழ்வின் பெயர் என்ன? (15 நொடி)
சரி என்றால்: “சரியான விடை. பத்து மதிப்பெண்.”
தவறு என்றால்: “இல்லை. பச்சை அணி.” (வேறு எதுவும் சொல்லாதீர்கள், 5 நொடி)
யாரும் சொல்லாவிட்டால்: “விடை, சவ்வூடு பரவல். தண்ணீர் திராட்சையின் தோலைக் கடந்து உள்ளே போகிறது.”
ஏற்கலாம்: ஆஸ்மாசிஸ். ஏற்காதீர்கள்: பரவல் என்று மட்டும் சொன்னால்.

தவறான விடைக்குப் பிறகு வருவது மூன்றே வார்த்தைகள் என்பதைக் கவனியுங்கள். ஒரு வரி விளக்கம் கேள்வி முழுதாக முடிந்தபின்தான். திருப்புதலுக்கான வேலை அந்த ஒரு வரியில்தான் நடக்கிறது, அதனால் அதை விட்டுவிடவும் கூடாது.

தொடக்கத்தில் விதிகளை ஒரே மூச்சில் வாசிக்க வேண்டாம். அந்தந்தச் சுற்றுக்கு முன் அந்தச் சுற்றின் விதி, மூன்று வாக்கியத்துக்குள். முறையீட்டு விதி மட்டும் முதலிலேயே: ஆட்சேபம் இருந்தால் அடுத்த கேள்வியைப் படிக்கத் தொடங்கும் முன் சொல்ல வேண்டும். சந்தேகமாக இருந்தால் அந்தக் கேள்வியை ரத்து செய்து அதே அணிக்கு மாற்றுக் கேள்வி கொடுங்கள். இதற்காகச் சுற்றுக்கு இரண்டு மாற்றுக் கேள்விகள் தேவை. துப்புச் சுற்றுக்கு ஒன்று போதும்.

நேரக் கணக்கு: முதல் சுற்று 16 நிமிடம், துப்புச் சுற்று கேள்விக்கு இரண்டு நிமிடமாகப் பத்து, அதிவேகம் அணி மாறும் நேரத்தையும் சேர்த்துப் பத்து. விதிகள், மதிப்பெண் அறிவிப்பு, சமநிலை எல்லாம் சேர்த்து இன்னொரு பத்து. 46 நிமிடம் ஆகிறது. மிச்சம் 14 நிமிடத்தில் புதிய கேள்வி எதையும் சொருக வேண்டாம். தாமதமாகத் தொடங்குவதும் ஆட்சேபங்களும் அதைத் தின்றுவிடும்.

இரண்டு நாள் முன்பு, கேள்வி எழுதாத இரண்டு பேரை உட்கார வைத்து ஸ்கிரிப்டை முழுவதும் வாய்விட்டுப் படியுங்கள். எந்தக் கேள்விக்கு “இன்னொரு தடவை சொல்லுங்க” என்று கேட்கிறார்களோ அதை உடைத்துச் சின்னதாக எழுதுங்கள். இருவரும் ஒரே தவறான விடையைச் சொன்னால், தவறு கேள்வியில் இருக்கலாம். அந்த விடையும் சரியா என்று பாருங்கள். கடைசியாக இரண்டு பிரதி அச்செடுங்கள்: நடத்துபவருக்கு ஒன்று, மதிப்பெண் போடுபவருக்கு ஒன்று. ஸ்லைடுகள் இருக்கும் மடிக்கணினியை மட்டும் மூடி வையுங்கள். போன முறை எங்கள் திரையில் விடை ஸ்லைடு மூன்று நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது. மஞ்சள் அணி மட்டும் அதை யாரிடமும் சொல்லவில்லை.